வண்டி லிஸ்ட்டில் இல்லாத பெயர்

அத்தியாயம் 14

சாய்ராவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை என்று போன வாரமே சொன்னேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு, அதாவது போன வாரப் புத்தகத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறாதவர்களுக்கு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் முஹம்மது ஆசிக் எடுத்த முதல் படம் ‘ஏழாம் நம்பர் படகு’. கடலூர் துறைமுகத்தில் முப்பத்தொரு நாள் ஷூட்டிங். அத்தனை நாளும் சாய்ராதான் கன்டினியூட்டி பார்த்தாள். எந்த ஷாட்டில் எந்தக் கையில் டம்ளர் இருந்தது, சட்டையில் எத்தனை பட்டன் திறந்திருந்தது, எந்த டேக் ஓகே, எது தேறாத என்.ஜி. என்று எழுதி எழுதி மூன்று லாங் சைஸ் நோட்டு தீர்ந்தது. படம் முடிந்து, எடிட்டர் வெண்மதி கடைசி டைட்டிலை அவளுக்குப் போட்டுக் காட்டினாள். நூற்றுப் பதினெட்டுப் பெயர். டீ கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. சாய்ரா பெயர் இல்லை.

அண்ணனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெண்மதியையும் சொல்ல விடவில்லை. அண்ணனுக்கே தெரியாது, வேலை அவசரத்தில் கவனிக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் வலித்தது. முப்பத்தொரு நாள் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவளை, நினைவுபடுத்தித்தான் நினைக்க வேண்டுமா? அவளுக்கு ரோஷம் ஜாஸ்தி. ரஃபியுதீனின் மகள் அல்லவா!

இதோடு போயிருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பாள். ஆனால் சென்னையிலிருந்து டைரக்டர் அமராவதி சிதம்பரத்தில் யூனிட்டுக்கும் குடும்பத்துக்கும் படத்தைப் போட்டுக் காட்டும் காட்சிக்கு வருகிறார். அடுத்த மாதம் தொடங்கும் அவர் படத்துக்கு உதவி இயக்குநராக ஒரு பெண் வேண்டும். வெண்மதி சாய்ரா பெயரைச் சொல்லி வைத்திருக்கிறாள். அத்தா ரஃபியுதீனோ, சிதம்பரத்தில் தெரிந்தவர் ஒருவரின் பள்ளிக்கூடத்தில் மகளுக்கு கம்ப்யூட்டர் டீச்சர் வேலை பேசி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை சேர வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை.

* * *

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து வேன் கிளம்பும்போது மணி ஏழு. முன் சீட்டில் ரஃபியுதீன். இருபத்தாறு வருஷம் சிங்கப்பூரில் பிறத்தியார் கடையில் நின்றவர். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் திரும்பாமலே சொன்னார்.

“சாய்ரா. நீ அங்க செஞ்சது வேலைன்னா, பேரு போட்டிருப்பாங்க. படம் முடிஞ்சதும் நான் உக்காந்து பாக்கப்போறேன். பேரு இருந்தா மெட்ராசுக்குப் போ. நான் தடுக்கல.”

“இல்லன்னா அத்தா?”

“இல்லன்னா அது அண்ணனுக்குச் செஞ்ச ஒத்தாசை. ஒத்தாசைய வச்சி ஊரு விட்டு ஊரு வேலைக்குப் போவ முடியாது. நாளைக்கு ஸ்கூல்ல சேர்ந்துடு.”

அம்மா ஜொஹரா பீவி மகளின் கையைப் பிடித்தாள். டைட்டிலில் பெயர் இல்லை என்பதை அவளிடம் மட்டும்தான் சாய்ரா சொல்லியிருந்தாள்.

“அண்ணன்கிட்ட சொல்லிடு புள்ள,” என்றாள் காதோடு.

“மாட்டேன்மா.”

“என்னா புள்ள நீ! வாயத் தொறந்தா கொறஞ்சா போயிடுவ?”

“நான் சொல்லி அவன் சொன்னா, அது நான் சொன்னதுதானே?”

ஜொஹரா பீவி பிடித்திருந்த கையை விட்டாள். அத்தனையும் அப்பனைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

* * *

சிதம்பரத்துத் தியேட்டரில் ஒன்பது மணிக்குக் காட்சி. பதினொன்றரைக்குத் தியேட்டரின் வழக்கமான ஷோ இருக்கிறது. அதற்குள் ஹாலைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு. படம் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம். படம் முடிந்ததும் ஆசிக் மேடையேறி நன்றி சொல்வான் என்று திட்டம்.

எட்டரை மணிக்கு ஸ்கிரீன் ஒன்றில் ஏசி நின்றுபோனது.

“அதுக்கென்னா, ஸ்கிரீன் ரெண்டுல போட்டுடலாம் சார்,” என்று தியேட்டர் மேனேஜர் தாராளமாகச் சொன்னார். ஆட்கள் எல்லாம் இந்த ஹாலிலிருந்து அந்த ஹாலுக்கு மாறி உட்கார்ந்தார்கள். ஆபரேட்டர் அறையிலிருந்து தயாரிப்பு நிர்வாகி சிலம்பரசன் வெளியே வந்தபோது அவன் முகத்தில் ரத்தமில்லை.

இப்போதெல்லாம் படம் பெட்டியில் வருவதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வருகிறது. பூட்டைத் திறக்கும் சாவி தனியாக ஈமெயிலில் வரும். கேடிஎம் என்பார்கள். எந்தத் திரையின் மெஷின், எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்று கணக்காகச் செய்த சாவி. ஸ்கிரீன் ஒன்றின் சாவி ஸ்கிரீன் இரண்டைத் திறக்காது. அதே தியேட்டர், அதே சுவர், அந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான். இருந்தாலும் திறக்காது.

“ரெண்டாம் மெஷின் நம்பர போட்டோ எடுத்து மெட்ராஸ் லேபுக்கு அனுப்பிட்டேன் மச்சான்,” என்றான் சிலம்பரசன். “ஞாயித்துக்கெழம. ஆளு வீட்டுல இருக்காராம். லேபுக்குப் போய்தான் புதுசா போட்டு அனுப்பணும். அர மணி நேரமாவது ஆவும்.”

ஆசிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்பது. ஒன்பதரைக்குப் படம் தொடங்கவில்லை என்றால் பதினொன்றரைக்குள் முடியாது. பாதியில் விளக்கைப் போட்டுவிடுவார்கள்.

“அதுவரைக்கும் சும்மா உக்கார வச்சா எழுந்து டீ குடிக்கப் போயிடுவாங்க. திரும்ப வரமாட்டாங்க,” என்றான் சிலம்பரசன். “பேச்ச முன்னாடி வச்சிக்கோ. நீ போய்ப் பேசு.”

“பேப்பருல எட்டு நிமிஷத்துக்குத்தான்டா எழுதியிருக்கேன்!”

“இழு மச்சான். சாவி வந்ததும் பின்னாலேர்ந்து கைய தூக்குறேன். அதுவரைக்கும் நிறுத்தாத.”

* * *

திரைக்கு முன்னால் மைக்கோடு வந்து நின்றான் ஆசிக். புதுச் சட்டையின் கை மடிப்பு ஒன்று கீழே, ஒன்று மேலே. சாய்ராவின் கண் முதலில் அங்கேதான் போனது. முப்பத்தொரு நாள் பழக்கம், சும்மா விடுமா?

அவள் நாலாவது வரிசையில், அத்தாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில். மூன்றாவது வரிசை ஓரத்தில் நரைத்த குட்டை முடியோடு ஒரு அம்மாள். அவர்தான் அமராவதி. மடியில் சின்ன நோட்டு ஒன்றைத் திறந்து வைத்திருந்தார்.

“எல்லாருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். படம் ஆரம்பிக்க கொஞ்சம் நேரமாவும். அதுக்குள்ள, படம் பாத்துட்டு சொல்லவேண்டியத பாக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். படம் நல்லா இல்லன்னா அப்புறம் யாரும் உக்காந்திருக்க மாட்டீங்க.”

சிரிப்பு. நல்ல ஆரம்பம்தான். பேப்பரைப் பிரித்தான்.

நன்றி சொல்வதற்கும் சினிமாவில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தயாரிப்பாளர். பிறகு நடித்தவர்கள். பிறகு கேமராமேன், எடிட்டர், இசை, சவுண்ட், ஆர்ட். அதற்கப்புறம் உதவி இயக்குநர்கள், கேமரா உதவியாளர்கள், மேக்கப், காஸ்ட்யூம், லைட்மேன்கள், புரொடக்‌ஷன் ஆட்கள், இடம் கொடுத்தவர்கள். கடைசியில் குடும்பம். பெயர் சொல்லச் சொல்ல அவரவர் எழுந்து நிற்க வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். வரிசை தப்பினால் மனஸ்தாபம். ஒரு பெயர் விட்டால், அந்த ஆள் அடுத்த படத்துக்கு வருவது சந்தேகம்.

“கேமராமேன் அன்பரசு. தண்ணிக்குள்ள இடுப்பளவு நின்னு எடுத்தாரு. ரெண்டு நாள் ஜுரம்.”

அன்பரசு எழுந்தான். கைதட்டல்.

“எடிட்டர் வெண்மதி. நான் ரெண்டே முக்கா மணி நேரம் குடுத்தேன். அழுவ அழுவ வெட்டுனாங்க. நான்தான் அழுதேன்.”

வெண்மதி எழுந்து, உட்காரும்போது திரும்பி சாய்ராவைப் பார்த்தாள். ‘இரு, வரும்’ என்பதுபோல் தலையசைத்தாள்.

உதவி இயக்குநர்கள் மூன்று பேர் எழுந்தார்கள். சாய்ராவின் கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டது. இப்போதுதான். இங்கேதான் வர வேண்டும்.

“அடுத்து, ஃபோகஸ் புல்லர் லூர்துராஜ்…”

வரவில்லை.

மேக்கப் போனது. காஸ்ட்யூம் போனது. லைட்மேன் சுப்புராயன் எழுந்து, பாண்டிச்சேரியிலிருந்து வந்த தன் ஆட்கள் நாலு பேரையும் எழுப்பிவிட்டார். ஜெனரேட்டர் ஓட்டியவர், மீன் ஏலக் கூடத்தைத் திறந்து விட்டவர், படகுக்காரர்கள், திருவந்திபுரத்தில் கெடிலம் ஆற்றோரம் ஷூட்டிங்குக்குத் தோப்பு கொடுத்தவர். எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள்.

“கடைசியா என் குடும்பம்,” என்றான் ஆசிக். குரல் கொஞ்சம் இறங்கியது. “எங்க அத்தா. பயந்துகிட்டே விட்டாங்க, ஆனா விட்டாங்க. எங்கம்மா. அறுபது பேருக்கு ரெண்டு தடவ பிரியாணி ஆக்கிக் குடுத்தாங்க. அப்புறம் என் தங்கச்சி சாய்ரா. வீட்டுலேர்ந்து வந்து கூடமாட ஒத்தாசையா இருந்துச்சி. நீங்க அப்படியே உக்காந்திருங்கம்மா, எழுந்திரிக்க வேணாம்.”

கைதட்டினார்கள். குடும்பத்துக்குத் தட்டும் மெத்தென்ற கைதட்டல்.

ரஃபியுதீன் மகள் பக்கம் சாய்ந்தார்.

“கேட்டியா?” என்றார். “அவன் வாயாலயே சொல்லிட்டான்.”

பெயரே சொல்லாமல் விட்டிருந்தால்கூட மறந்துவிட்டான் என்று சாய்ரா தேற்றிக்கொண்டிருப்பாள். சொல்லிவிட்டான். ஒத்தாசை என்று சொல்லிவிட்டான். மூன்றாவது வரிசையில் அமராவதி தன் நோட்டை மூடுவதைப் பார்த்தாள். பாவி அண்ணா, அந்த ஒரு வார்த்தைதானா உனக்குக் கிடைத்தது?

* * *

மணி ஒன்பது பதினாலு. பேப்பர் தீர்ந்தது. ஆசிக் பின்னால் பார்த்தான். சிலம்பரசன் போனைக் காதில் வைத்தபடி, கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். பேசு, பேசு.

“அப்புறம்…” என்றான் ஆசிக். நெற்றியில் வியர்வை. “அப்புறம், ஷூட்டிங்ல நடந்தது ரெண்டு சொல்றேன்.”

படகு உப்பங்கழி நடுவில் நின்றுபோனதைச் சொன்னான். ஹீரோவுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்ததைச் சொன்னான். சிரித்தார்கள். மணி ஒன்பது இருபது. இன்னும் கை தூக்கவில்லை. வாசல் பக்கம் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

“பதினேழாம் நாளு,” என்று அவசரமாக அடுத்ததைப் பிடித்தான். “அந்த சீன் பாதிய நாலாம் நாளே எடுத்துட்டோம். மழ வந்து நின்னுபோச்சி. மீதிய பதினேழாம் நாளு எடுக்குறோம். ஹீரோ கையில துணி கட்டியிருப்பாரு, காயம். ரெண்டு டேக் போயிடுச்சி. மூணாவது டேக்குக்கு எல்லாம் ரெடி. அப்ப பாத்தா, கட்டு வலது கையில இருக்குது. நாலாம் நாளு எடுத்தது இடது கையில! அப்படியே போயிருந்தா, படத்துல கதவுக்கு வெளிய இடது கையில காயம், உள்ள வந்தா வலது கையில. மொத்த சீனும் குப்பை. நல்லவேளை, கன்டினியூட்டி நோட்டு இருந்துச்சி. அதுதான் எங்களக் காப்பாத்துச்சி.”

“நோட்டு தானா எழுதிக்கிச்சா டைரக்டரே?”

பின் வரிசையிலிருந்து வந்தது குரல். லைட்மேன் சுப்புராயன். உட்கார்ந்த இடத்திலிருந்தேதான் கேட்டார். ஆனால் செட்டில் லைட்டை ஏற்று இறக்கு என்று கத்திப் பழகிய தொண்டை. ஹால் முழுக்கக் கேட்டது.

கொல்லென்று சிரித்தார்கள். ஆசிக்கும் சிரித்தான்.

“இல்லண்ணே, அது…”

சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த பேப்பரைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். மறுபடி மேலே போனான். மைக்கில் அவன் மூச்சு மட்டும் கேட்டது.

என்னவோ ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. என்ன என்று நாலு பேருக்குத்தான் தெரியும்.

“நான் இந்தப் பேர எல்லாம் எதப் பாத்து எழுதினேன்னா,” என்றான் மெதுவாக, “வண்டி லிஸ்ட்டப் பாத்து எழுதினேன்.”

அன்பரசு தலையில் கை வைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“தெனம் ராத்திரி சிலம்பரசன் ஒரு லிஸ்ட் போடுவான். நாளைக்கு யார் யார எந்த வேன்ல ஏத்தணும்னு. யூனிட்ல இருக்குற எல்லார் பேரும் அதுல இருக்கும். டைட்டிலுக்கும் அதத்தான் குடுத்தோம்.” எச்சில் விழுங்கினான். “என் தங்கச்சி வேன்ல வரல. காலையில அஞ்சர மணிக்கு என் பைக்குல பின்னாடி உக்காந்து வந்துச்சி. அதனால அது பேரு எந்த லிஸ்ட்டுலயும் இல்ல. டைட்டில்லயும் இருக்காது. இப்பதான் எனக்குத் தெரியுது.”

ஜொஹரா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கொஞ்சம் முன்னாடி ஒத்தாசைன்னு ஒரு வார்த்த சொன்னேன். அது தப்பு. வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தக் கட்டு தப்பான கையில இருக்குதுன்னு நோட்டு சொல்லல. நான் ஆக்‌ஷன் சொல்லப் போறேன், அறுபது பேரு நிக்கிறாங்க, லைட்டு எரியுது, அப்ப ‘அண்ணே நிறுத்து’ன்னு குறுக்க வந்து நின்னுது ஒரு ஆளு. நான் கத்துனேன். எல்லார் முன்னாடியும் கத்துனேன். அது அழுவல. நாலாம் நாளு பக்கத்தப் பிரிச்சி என் மூஞ்சிக்கு நேரா காட்டுச்சி.”

ஆசிக் பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்தான்.

“உதவி இயக்குநருங்களுக்கு அடுத்ததா சொல்லியிருக்கவேண்டிய பேரு. கன்டினியூட்டி, சாய்ரா. முப்பத்தொரு நாள் வேலை. எழுந்து நில்லு சாய்ரா.”

எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் சுப்புராயனின் ஆட்கள் விசில் அடித்தார்கள். வெண்மதி சீட்டு மேலேயே ஏறி நின்று தட்டினாள். உதவி இயக்குநர்கள், படகுக்காரர்கள், எல்லோரும். இது வேறு மாதிரிக் கைதட்டல்.

அழுதாள். அடக்க நினைக்கவே இல்லை.

பக்கத்தில் ரஃபியுதீன் தட்டவில்லை. திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ‘நான் சொன்னது திரையில்’ என்று அவர் சொல்லாமலே கேட்டது சாய்ராவுக்கு.

பின் கதவருகே சிலம்பரசனின் கை மேலே போனது. மணி ஒன்பது இருபத்தொன்பது.

* * *

படம் ஓடியது. நன்றாகவே ஓடியது. சாய்ரா கதையைப் பார்க்கவில்லை. பதினேழாம் நாள் சீன் வந்தபோது கதவுக்கு வெளியே இடது கை, உள்ளே இடது கை. மூச்சு விட்டாள்.

படம் முடிந்து டைட்டில் ஏறத் தொடங்கியதும், நம் ஊர் வழக்கப்படி எல்லோரும் எழுந்தார்கள். விளக்கு பாதி எரிந்தது. ரஃபியுதீன் மட்டும் எழவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் படித்தார். குறுக்கே நடந்தவர்களைக் கையால் ஒதுக்கிவிட்டுப் படித்தார். நூற்றுப் பதினெட்டும் மேலே போய் மறைந்தது.

“இல்ல,” என்றார்.

“இருக்காதுன்னு அண்ணன்தான் சொல்லிடுச்சே அத்தா.”

அதற்குள் ஆசிக் ஓடிவந்தான். தங்கையின் முன்னால் வந்து நின்று, அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தான்.

“ஏன்டி சொல்லல? ஒரு வாரமா தெரியுமாமே! வெண்மதி இப்பதான் சொல்றாங்க.”

“நீயா சொல்லணும்னு இருந்தேன்.”

“ரிலீசுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது. கடைசி ரீல மட்டும் மாத்திடலாம். சென்சாருக்கும் எழுதிக் குடுக்கணும், குடுத்துக்கலாம். நன்றி கார்டுல முதல் பேரா உன் பேரப் போட்டுடுறேன். தனியா, பெருசா.”

சாய்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நன்றி கார்டுல வேணாம்ணே.”

“என்னா?”

“நன்றின்னா தோப்பு குடுத்தவருக்குப் போடு. எனக்கு வேலை செஞ்சவங்க வரிசையில போடு. மத்தவங்க சைசுலயே போடு.”

ஆசிக் தலையை ஆட்டினான்.

“சரியாச் சொன்னீங்க,” என்றது பின்னால் ஒரு குரல். அமராவதி. “பேரு சாய்ராதானே? உங்க அண்ணன் பேச்சக் கேட்டு நான் உங்கள எடுத்துக்க முடியாதும்மா. அண்ணன் தங்கச்சியப் பாராட்டாம யாரப் பாராட்டுவாரு? வெண்மதி சொன்ன அந்த மூணு நோட்டையும் நான் பாக்கணும். இன்னிக்கி சாயங்காலம் அஞ்சு மணிவரைக்கும் சிதம்பரத்துல இருப்பேன். கொண்டாந்து காட்டுங்க.”

ஒன்றாம் நோட்டும் மூன்றாம் நோட்டும் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டாம் நோட்டைப் பத்து நாளாகக் காணோம். சாய்ரா வீடு முழுக்கத் தேடிவிட்டாள். கட்டு இடம் மாறிய பதினேழாம் நாள் அதில்தான் இருக்கிறது.

“மேடம், ரெண்டாவது நோட்டு மட்டும்…”

“என்கிட்ட இருக்குது,” என்றார் ரஃபியுதீன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் இன்னும் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“அத்தா! நீங்களா எடுத்தீங்க?”

“படிச்சேன். இருபத்திரெண்டாம் நாளு வரைக்கும் படிச்சேன்.” அவர் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. “அன்னிக்கி உன்னக் கூட்டிட்டுப் போவ நான் துறைமுகத்துக்கு வந்தேன், ஞாபகம் இருக்குதா? அதையும் எழுதி வச்சிருக்க. ‘ஷாட் நாலு, டேக் மூணு, என்.ஜி., அத்தா கேமராவுக்குக் குறுக்க வந்துட்டாங்க’ன்னு. நேரத்தோட எழுதியிருக்க.”

ஆசிக் சிரிப்பை அடக்கிக்கொண்டான். சாய்ராவுக்குச் சிரிக்கத் தைரியம் வரவில்லை.

“அப்பன்னுகூட பாக்கல. நடந்தத நடந்தபடி எழுதியிருக்க.” ரஃபியுதீன் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஒத்தாசைக்கு வந்தவ அப்படி எழுத மாட்டா. அது எனக்குப் பத்து நாளு முன்னாடியே தெரியும்.”

“அப்புறம் ஏன்த்தா காலையில வேன்ல அப்படிச் சொன்னீங்க?”

அவர் ஜொஹரா பீவியைப் பார்த்தார். ஜொஹரா பீவி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

“நோட்ட எடுத்துக்கிட்டு வருவோம், வா,” என்றார் மகளிடம். “அப்படிச் சொல்லச் சொன்னவ உங்கம்மாதான். ஏன்னு போற வழியில அவளே சொல்லுவா.”

(தொடரும்)